வீட்டிலிருந்து வேலை: முடியாத பகலும் உறங்காத இரவும்

கடந்த சனவரி மாதம் புறநோயாளர் பிரிவில் 31 வயதுப் பெண் ஒருவரைப் பார்த்தேன். இரவில் படுத்த சிறிது நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முழுவதுமாக உள்ளே போகாதது போல் இருக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு உறக்கம் வருவதில்லை என்று கூறினார். நாடித்துடிப்பு சற்று மிகுந்திருந்தது. இரத்த அழுத்தம் சீராக இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தோம். ஹீமோகுளோபின், தைராய்டு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்தோம். எல்லாம் இயல்பாகவே இருந்தன. "உங்களுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாமல் போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு அவருடைய அக்கா அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். கைகள் மரத்துப் போயிருந்தன, உடல் நடுங்கியது, "இதயம் நின்றுவிடும்போல் இருக்கிறது" என்று அழுதார். மறுபடியும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மறுபடியும் அது இயல்பாகவே இருந்தது. மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் அந்த அக்கா கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "ஒன்றுமில்லை என்றால் இவளுக்கு ஏன் டாக்டர் இப்படி ஆகிறது?"

அந்தக் கேள்விக்கான விடையையே இங்கே எழுத முற்படுகிறேன். அவர் அனுமதியுடன்தான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் முறை அவர் வந்தபோது நான் செய்த தவறு, பரிசோதனைகளில் எதையோ விட்டுவிட்டது அல்ல. அவருடைய ஒரு நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்காமல் விட்டதுதான்.

இரண்டாம் முறை அதைக் கேட்டேன். அவர் மருத்துவக் கோடிங் பணி செய்பவர். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளர் பதிவேடுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டெண்ணைக் காப்பீட்டுக்காகப் பதிவு செய்யும் வேலை. நாளொன்றுக்கு இத்தனை பதிவேடுகள் முடிக்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. முடித்தவற்றில் சிலவற்றைத் தணிக்கையாளர் எடுத்துப் பார்ப்பார். நூற்றுக்கு 95 சரியாக இருக்க வேண்டும். 2020 மார்ச் வரை திருச்சியில் உள்ள அலுவலகத்துக்குச் சென்று வந்தார். பொதுமுடக்கத்தில் வீட்டுக்கு வந்த வேலை அப்படியே வீட்டிலேயே தங்கிவிட்டது. கணவர் குவைத்தில் பணிபுரிகிறார். குழந்தைகள் இல்லை. இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில் அவர் மட்டும். அக்கா புதுக்கோட்டையில் இருக்கிறார்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, முந்தைய செவ்வாய்க்கிழமையை அவரும் நானுமாக மணிக்கணக்கில் எழுதினோம். காலை 8.20க்கு எழுந்தார். 8.30க்குப் படுக்கையில் அமர்ந்தபடியே மடிக்கணினியைத் திறந்தார். பதினொரு மணிக்குக் காலையுணவு. மதிய உணவு மூன்றரைக்கு, விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே. ஐந்தரைக்கு முடிய வேண்டிய வேலையில் ஆறு பதிவேடுகள் மீதமிருந்தன. "வீட்டில்தானே இருக்கிறோம், மெதுவாக முடிக்கலாம்" என்று தொடர்ந்தார். எட்டு மாதங்களுக்கு முன் அவரைக் குழுத் தலைவராக உயர்த்தியிருந்தார்கள். அதனால் செவ்வாயும் வியாழனும் அமெரிக்க வாடிக்கையாளருடன் கூட்டம். அது கோடைக்காலத்தில் நம் நேரப்படி இரவு 7.30க்கு நடந்து வந்தது. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துவார்கள். நம் கடிகாரம் நகர்வதில்லை. ஆகவே அந்தக் கூட்டம் நமக்கு 8.30 ஆகிவிட்டது. கூட்டம் முடிந்தபோது ஒன்பதே முக்கால். கணவர் தொலைபேசியில் அழைத்தபோது அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மீதிப் பதிவேடுகளைப் பார்த்தார். இரவு 11.40க்கு மடிக்கணினியை மூடினார். கைப்பேசி தலையணைக்கு அடியில் இருந்தது. அதில் அலுவலக மின்னஞ்சல் வரும்.

கூட்டிப் பார்த்தோம். காலை முதல் இரவு வரை பதினைந்து மணி நேரம். உண்மையில் வேலை செய்த நேரத்தை அவரே கணக்கிட்டுச் சொன்னார்: "ஒன்பது மணி நேரத்துக்குமேல் இருக்காது, டாக்டர்." இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள ஆறு மணி நேரம்தான் என் கட்டுரையின் பொருள். அந்த ஆறு மணி நேரம் வேலையாகவும் இல்லை, ஓய்வாகவும் இல்லை.

அலுவலகத்துக்குச் சென்று வந்த காலத்திலும் இலக்கு இருந்தது, தணிக்கை இருந்தது, பதிவேடுகள் மீந்ததும் உண்டு. அப்போது ஏன் இப்படி ஆகவில்லை என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்போது ஆறு மணிக்கு வேன் வந்துவிடும். ஏறவில்லை என்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். பாதியில் இருந்தாலும் மூடிவிட்டு ஓடுவோம்."

அந்த வேன் அவருக்கு வாகனம் மட்டுமல்ல. வேலையை முடிக்கும் முடிவை அவர் எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்தது. வேலை முடியாமலே நாள் முடிந்தது. வீட்டில் அப்படி வந்து நிற்பது எதுவுமில்லை. எனவே, "இன்றைக்குப் போதும்" என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. பொறுப்புணர்வு மிகுந்த ஒருவருக்கு அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எளிதன்று. நான் பார்த்த வரையில், வீட்டிலிருந்து தனியாக வேலை செய்பவர்களிடம் பதற்றம் நுழைவது வேலைப்பளு என்னும் வாயிலை விட, முடிவில்லாமை என்னும் வாயில் வழியாகவே மிகுதி. பளுவும் தீங்கு செய்யக்கூடியதே. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆயினும் இந்தப் பெண்ணின் உண்மையான வேலை நேரம் அந்த அளவை எட்டவில்லை. அவருடைய உடல் ஓய்வெடுக்க அனுமதி கிடைக்காமல்தான் தவித்தது.

தனிமை இதில் என்ன செய்கிறது? ஓர் எடுத்துக்காட்டு. டிசம்பரில் ஒரு மாலை தணிக்கையாளரிடமிருந்து அவருக்கு ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: உங்கள் பதிவேடுகள் சிலவற்றைப் பற்றிப் பேச வேண்டும். அலுவலகத்தில் இருந்திருந்தால் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்து மேசைக்காரரிடம், "உனக்கும் வந்ததா?" என்று கேட்டிருப்பார். "எல்லோருக்கும்தான் வந்திருக்கிறது" என்ற பதில் வந்திருக்கும். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வீட்டில் அந்த ஒரு நிமிடம் மறுநாள் காலை வரை நீண்டது. எந்தப் பதிவேடு, எத்தனை பிழை, வேலை போய்விடுமா, போனால் வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் விசாரித்தபோது, குறியீட்டு விதி ஒன்று மாறியிருப்பதைக் குழுவுக்கு விளக்கச் சொல்வதற்காக அனுப்பிய மடல் அது. மனம் தனியாக இருக்கும்போது அச்சமூட்டும் பொருளையே முதலில் எடுத்துக்கொள்கிறது. அதைத் திருத்துவது பெரும்பாலும் அறிவுரை அல்ல. இன்னொரு மனிதரின் முகம்.

இனி, பதற்றம் எப்படி வேரூன்றுகிறது என்று பார்ப்போம். ஆபத்து என்று மூளை கருதும்போது அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். ஆனால் எந்த நேரமும் மடல் வரலாம் என்ற நிலையில் "நீங்கியது" என்ற செய்தி உடலுக்குக் கிடைப்பதே இல்லை. அப்போது அவர் என்ன செய்தார்? கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். மடல் எதுவும் இல்லை, ஒரு நிம்மதி. அந்த நிம்மதி பத்து நிமிடம் நின்றது. பிறகு மறுபடி பார்க்கத் தோன்றியது. பார்ப்பதால் பதற்றம் குறைகிறது என்று மனம் கற்றுக்கொள்கிறது. ஆகவே பார்க்காமல் இருந்தால் பதற்றம் கூடுகிறது. சொறியச் சொறிய அரிப்பு மிகுவதைப் போன்றது இது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மட்டும் இனந்தெரியாத கலக்கம் இருந்ததாம். பிறகு எல்லா மாலைகளிலும். அப்புறம் விடியற்கால விழிப்பு. அதன் பிறகே படபடப்பு. இதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆயின. படிப்படியாக வந்ததால் இன்ன நாளில் தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இதனுடன் காப்பியும் சேர்ந்துகொண்டது. நாளுக்கு ஐந்து தம்ளர். கடைசியானது அமெரிக்கக் கூட்டத்துக்கு முன்பு இரவு எட்டு மணிக்கு. நாம் அருந்தும் கஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவு ஒரு மணிக்கும் அந்தக் காப்பியின் பாதி அவர் இரத்தத்தில் இருந்திருக்கும். கஃபீன் உண்டாக்கும் படபடப்பையும் பதற்றத்தின் படபடப்பையும் உடலால் பிரித்தறிய முடியாது.

அவசரப் பிரிவுக்கு வந்த இரவில் நடந்தது பீதித் தாக்கம். பதற்றத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல்களும் உதட்டைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போகின்றன. அந்த மரத்துப்போதலைப் பார்த்து மேலும் அச்சம், மேலும் வேகமான மூச்சு. இது பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பிறகு தானே தணியும். இதனால் இதயம் நின்றுவிடுவதில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் ஏதேனும் முதன்முறையாக ஏற்படும்போது, "இது பதற்றம்தான்" என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். அந்த முடிவை மருத்துவர் பரிசோதித்த பிறகே எடுக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்து, நின்றால் குறையும் நெஞ்சு இறுக்கம்; இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி; வியர்த்துக் கொட்டுதல்; மயங்கி விழுதல்; குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருத்தல், இவற்றில் எது இருந்தாலும் உடனே வர வேண்டும். எடை குறைந்து, கை நடுங்கி, வெப்பம் தாங்க முடியாமல் இருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். மாதவிடாயில் உதிரப்போக்கு மிகுந்து, முகம் வெளிறி, சிறிது நடந்தாலே மூச்சிரைத்தால் இரத்தசோகையைத் தேட வேண்டும். இவை எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு மருத்துவர் சொல்லும் "இயல்பு" என்பது விடையில் பாதிதான். மீதிப் பாதியை நாங்கள் தேடித் தர வேண்டும்.

அந்த மீதிப் பாதிக்கு எங்களிடம் எளிய கருவி ஒன்று உண்டு. ஜி.ஏ.டி. 7 எனப்படும் ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் படபடப்பாக உணர்ந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது, நிலைகொள்ளாமல் தவித்தது, எளிதில் எரிச்சல் கொண்டது போன்றவை எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 21. ஐந்து முதல் இலேசானது, பத்து முதல் நடுத்தரம், பதினைந்து முதல் கடுமையானது என்று கொள்கிறோம். இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. விரிவாகப் பேசத் தொடங்குவதற்கான அடையாளம் இது. அவர் 14 எடுத்தார். எங்கள் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு என்று அவர் உறுதி செய்தார்.

மருந்தா, ஆலோசனைச் சிகிச்சையா என்ற கேள்வி எழுந்தது. இரண்டுக்கும் பயன் உண்டு. பதற்றத்துக்குத் தரப்படும் முதன்மையான மருந்துகள் உடனே வேலை செய்வதில்லை. சில வாரங்கள் ஆகும். உடனே அமைதி தரும் மாத்திரைகளும் உள்ளன; அவை பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். தெரிந்தவர் கொடுத்தார் என்று அப்படியொரு மாத்திரையை அவர் நான்கு இரவுகள் விழுங்கியிருந்தார். நல்லவேளை, நான்குதான். அவருடன் பேசி, மருந்தைப் பிறகு தேவைப்பட்டால் தொடங்குவது என்றும், முதலில் உளவியலாளரிடம் வாரம் ஒரு முறை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெறுவது என்றும் மனநல மருத்துவர் முடிவு செய்தார். என் பங்குக்கு நான் கேட்டது ஒன்றே: அந்த வேனை உங்கள் வீட்டுக்கே வரவழைக்க முடியுமா?

நாங்கள் ஏற்பாடு செய்தது இதுதான். மாலை 5.15க்கு ஒரு நோட்டுப்புத்தகத்துடன் கால்மணி நேரம் அமர வேண்டும். அன்று மனத்தை அரிக்கும் கவலைகள் அனைத்தையும் எழுத வேண்டும். நாளை நான் ஏதாவது செய்யக்கூடியவை ஒரு பக்கம், என்னால் ஒன்றும் செய்ய இயலாதவை மறு பக்கம். இரவில் ஒரு கவலை வந்தால், "நாளை ஐந்தே காலுக்கு உன்னைப் பார்க்கிறேன்" என்று தள்ளிவைக்க வேண்டும். கவலைக்கென்று நேரம் ஒதுக்கும் இம்முறை 1980களிலிருந்து உளவியலில் பயன்பட்டு வருகிறது. கவலைப்படாதே என்று மனத்துக்கு ஆணையிட்டால் அது கேட்பதில்லை; பிறகு கவலைப்படலாம் என்றால் ஓரளவு கேட்கிறது.

அடுத்து, 5.45க்கு மீதமுள்ள பதிவேடுகளின் எண்ணிக்கையையும் மறுநாள் முதலில் எதை எடுப்பது என்பதையும் எழுத வேண்டும். ஆறு மணிக்கு மடிக்கணினியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இருபது நிமிடமாவது நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும்; காய்கறிக் கடைக்குப் போனாலும் போதும். வெளியே போய்த் திரும்புவது இன்றியமையாதது. அப்போதுதான் அது வேலைக்கூடத்திலிருந்து வெளியேறி வீட்டுக்குள் நுழைவதாகிறது. காலையிலும் அவ்வாறே கால்மணி நேரம் வெளிச்சத்தில் நடந்த பிறகே மடிக்கணினியைத் திறக்க வேண்டும். வீட்டு விளக்கொளி நமக்குப் போதுமானதாகத் தோன்றினாலும், மேகமூட்டமான காலைப்பொழுதின் ஒளி அதைப்போல் பல மடங்கு. நம் உடற்கடிகாரம் அந்த ஒளியைக் கொண்டுதான் பகலையும் இரவையும் பிரித்தறிகிறது.

படுக்கை உறங்க மட்டும். வேலை முன்னறையில் ஒரு மேசையில். கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சல் நீக்கப்பட்டது. "அவசரம் என்றால் அழையுங்கள்" என்று குழுவினருக்குச் சொல்லப்பட்டது. காப்பி பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தம். கூட்டமுள்ள செவ்வாயும் வியாழனும் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக, 10.30க்குத் தொடங்குவது, கூட்டம் முடிந்ததும் பீரோ. இதற்கு மேலாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். மேலாளர் ஒரே மடலில் சம்மதித்துவிட்டார்.

முதல் வாரம் நன்றாகப் போகவில்லை. இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்குப் பீரோவைத் திறந்துவிட்டார். மூன்றாம் நாளும் அப்படியே. படபடப்பு முன்பைவிடக் கூடியதாக அழுதார். அது எதிர்பார்த்ததுதான். பார்த்துப் பார்த்துத் தணித்து வந்த பதற்றம், பார்க்காதபோது முதலில் ஏறத்தான் செய்யும். ஏறியதை ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தால் அது தானே இறங்கும். இறங்குவதை ஒருமுறை கண்டுவிட்டால் அடுத்த முறை அவ்வளவு ஏறாது. உச்சத்தில் பீரோவைத் திறந்தால், திறந்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். நான்காம் இரவு சாவியைக் கீழ்த்தள வீட்டுப் பாட்டியிடம் கொடுத்து வைத்தார். காலையில் போய் வாங்கிக்கொண்டார். அது என் யோசனை அன்று, அவருடையதுதான். அந்தப் பாட்டியிடம் காலையும் மாலையும் இரண்டு வார்த்தை பேசும் பழக்கமும் அதனால் வந்தது.

முதல் மாதத்தில் ஆறு மணிக்குப் பிறகு அவசரம் என்று வந்த அழைப்புகள் எத்தனை தெரியுமா? இரண்டு. அதில் ஒன்று விடுப்பு கேட்பதற்காக. தலையணைக்கு அடியில் எட்டு மாதங்கள் அவர் எதற்காகக் காவல் இருந்தார் என்பதை அந்த எண் அவருக்கு உணர்த்தியது. தனிமைக்கும் ஒரு வழி கண்டார். குழுவில் இருவர் திருச்சியிலேயே வசிக்கிறார்கள். புதன்கிழமைகளில் மூவரும் யாரேனும் ஒருவர் வீட்டில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு வரி மடல் வந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்க இப்போது வாரத்தில் ஒரு நாளாவது ஆள் உண்டு. பத்தாவது வாரத்தில் மீண்டும் அந்த ஏழு கேள்விகளைக் கேட்டோம். மதிப்பெண் 6. முற்றிலும் நீங்கிவிடவில்லை. தணிக்கை வாரங்களில் உறக்கம் இன்னும் கெடுகிறது. ஆனால் அது ஏன் கெடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

எல்லோருக்கும் இது இப்படி அமையாது. மேலாளர் மறுப்பதுண்டு. செய்த எண்ணிக்கைக்கு மட்டும் கூலி பெறுவோருக்கு மாலை ஆறு மணி என்பது வருமானத்தை வெட்டுவதாகும். பிரான்சு நாட்டில் 2017 முதல், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் ஏற்றிருக்கிறது. ஒருவருடைய மன உறுதியை மட்டும் நம்பி விடக்கூடிய விஷயமன்று இது என்பதே அதன் பொருள். அதற்காக எல்லோரும் அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முதியோரையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு சம்பாதிக்க வீட்டு வேலை எத்தனை பேருக்கு உதவியிருக்கிறது என்பதை எங்கள் வார்டுகளில் துணைக்கிருப்போரிடம் தினமும் பார்க்கிறேன். கட்டிலருகே மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கும் உங்களில் சிலருக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும். உங்கள் நாளுக்கும் முடியும் நேரம் இல்லை. வேலை நேரத்தை முழுமையாகக் குறைக்க முடியாதவர்கள்கூட, முடியும் நேரத்தை ஒன்பது மணி என்றாவது நிறுத்தலாம். தாமதமான முடிவும் முடிவுதான்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "வீட்டில்தானே இருக்கிறாய், உனக்கென்ன கஷ்டம்" என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணின் அக்கா தாமும் அதைப் பலமுறை சொன்னதாக என்னிடம் வருந்தினார். அதைச் சொன்ன பிறகு தங்கை எதையும் சொல்லாமல் போனாராம். மாறாக, ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நேற்று எத்தனை மணிக்கு வேலையை மூடினாய்? பதில் சொல்ல அவர் தடுமாறினால், அல்லது மூன்று இரவுகளுக்கு மூன்று வேறு நேரங்களைச் சொன்னால், கவனியுங்கள். தனியாக இருப்பவருக்கு வேலை முடியும் நேரத்தில் ஓர் அழைப்பு விடுங்கள். அவருடைய கணவர் இப்போது நம் நேரப்படி இரவு எட்டரைக்கு, குவைத்தில் மாலை ஆறு மணிக்கு, அழைக்கிறார். கூட்டமுள்ள நாட்களில் சற்றுத் தாமதமாக. அவர் முதலில் கேட்பது, "பீரோவைப் பூட்டிவிட்டாயா?" என்பதுதான்.

கவலையால் அன்றாட வேலையே செய்ய முடியாமல் போனாலும், உறக்கம் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டாலும், குடிப்பழக்கம் அதற்கு மருந்தாகத் தொடங்கினாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இப்போது படபடப்பு என்று வருவோரிடம் ஈ.சி.ஜி. எடுத்து முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளையும் எடுக்கிறேன். நேற்றைய நாளை எழுதச் சொல்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது; வெளியே காத்திருப்போர் சற்றுப் பொறுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வரும்போது அந்தத் தாளை வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்தால் எனக்கும் உதவி, உங்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் உதவி.